சம்பந்தியம்மா சொல்லிக்கொடுத்த சீலா

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படிக்கவும்.

நேற்று காலையில் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்குக்கு அழுத பிள்ளை. இப்போது அவளுக்கே கல்லூரி போகிற மகன் இருக்கிறான். "டீச்சர், நீங்க படம் போட்டிருந்தீங்களே கடலை மாவு சீலா, அதைச் செஞ்சு பார்த்தேன். வெளியே கருகிடுச்சு, உள்ளே பச்சை மாவா இருக்கு. எங்க வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சுட்டுத் தட்டைத் தள்ளிட்டார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளை நினைத்து இல்லை. அதே மாதிரி ஒரு தட்டு என் முன்னாலும் தள்ளப்பட்டது. போன ஜனவரியில், லக்னோவில், என் சம்பந்தி வீட்டில். அவளுக்குப் போனில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் மகள் லக்னோவில் வாழ்க்கைப்பட்டது உங்களில் பலருக்குத் தெரியும். அவள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. முழங்கை வரை மாவுக்கட்டு. மகளும் மாப்பிள்ளையும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். "அம்மா, ஒரு ஆறு வாரம் வந்து இருந்துட்டுப் போறியா?" என்று மகள் கேட்டாள். ரயிலேறினேன்.

நானும் சம்பந்தியம்மாவும் அதுவரை கல்யாணப் பந்தலில் பார்த்துக்கொண்டவர்கள்தான். அவர்களுக்குத் தமிழில் 'வணக்கம்', 'போதும்' என்று இரண்டு வார்த்தை தெரியும். நான் சின்ன வயதில் பிராத்மிக் எழுதிப் பாஸானவள். கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பேச வாய் வராது. ஆனால் ஒன்று கவனித்தேன். நாம் சம்பந்தி என்கிறோம், அவர்கள் ஆணைச் 'சம்தி' என்றும் பெண்ணைச் 'சம்தன்' என்றும் சொல்கிறார்கள். அவர்கள் என்னைச் "சம்தன்ஜி" என்று கூப்பிட்டபோது பாதி பயம் போய்விட்டது.

வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சம்பந்தி போய் அப்போதுதான் ஒரு வருடம் முடிந்திருந்தது. அதோடு கைவலி வேறு. நான் செய்த இட்லியை மரியாதைக்காக ஒன்று எடுத்துக்கொள்வார்கள். உப்புமாவைக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். மூன்றாம் நாள் ராத்திரி மகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார்கள். மகள் வந்து, "அம்மா, அத்தைக்கு பேசன் சீலா வேணுமாம். கடலை மாவுல தோசை மாதிரி ஊத்துவாங்களே, அது. நம்ம தக்காளி ஆம்லெட் மாதிரிதான்" என்றாள்.

தோசை மாதிரி. இந்த இரண்டு வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. நாற்பது வருடம் தோசை வார்த்த கைக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மேல் தட்டில் இருந்த டப்பாவிலிருந்து கடலை மாவை எடுத்து, ஒரே தடவையாகத் தண்ணீர் ஊற்றி, நீர்த்தோசை பதத்துக்குக் கரைத்தேன். உப்பு, மஞ்சள் தூள், பச்சை மிளகாய், வெங்காயம் போட்டு, தவாவைப் புகை வரக் காயவைத்து, சுர்ரென்று ஊற்றி விசிறித் தேய்த்தேன். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அருமையான செம்பழுப்பு. உடனே திருப்பி, அரை நிமிடத்தில் எடுத்துத் தட்டில் வைத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது.

அவர்கள் இடது கையால் பிய்த்து ஒரு வாய் வைத்தார்கள். மென்றார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒன்றரை சீலா சாப்பிட்டுவிட்டுத் தட்டை மெல்லத் தள்ளி வைத்து, 'போதும்' என்று தமிழில் சொன்னார்கள். நான் பெருமையாக மகளுக்கு மெசேஜ் அனுப்பினேன்.

மத்தியானத்திலிருந்து அவர்களுக்கு வயிறு உப்பிக்கொண்டது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மகள் சமையலறைக்கு வந்து மிச்சம் இருந்த சீலாவைப் பிய்த்துப் பார்த்தாள். நடுப்பகுதியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஈரமான மாவு. "அம்மா, இது உள்ளே வேகவே இல்லையே" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அது போதுமே. உடம்பு சரியில்லாத மனுஷிக்கு பச்சைக் கடலை மாவைச் சாப்பிடக் கொடுத்திருக்கிறேன். அவர்களும் என் மனது நோகக்கூடாது என்று ஒன்றரை சீலாவை விழுங்கியிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கும் தூக்கம் இல்லை.

இரண்டு நாள் கழித்து வயிறு சரியானதும், நான் காலையில் அரிசிக் கஞ்சிக்கு அடுப்பைப் பற்றவைத்தபோது அவர்கள் கட்டுப்போட்ட கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சம்தன்ஜி, சீலா" என்றார்கள். முகத்தில் கோபம் இல்லை. செய்யவைத்துப் பார்த்துவிடுவது என்ற தீர்மானம்தான் தெரிந்தது. எத்தனையோ பிள்ளைகளை நான் கரும்பலகைக்குக் கூப்பிட்டு இப்படி நிறுத்தியிருக்கிறேன்.

முதலில் டப்பாவைத் திறந்து காட்டினேன். மாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "யே மோட்டா ஹை, லட்டூ வாலா" என்றார்கள். அது லட்டுக்கு வைத்திருந்த மாவு. அங்கே கடலை மாவு இரண்டு விதமாகக் கிடைக்கிறது. லட்டுக்கு ரவை மாதிரி கரகரப்பாக அரைத்தது, மற்றதற்கு நைசாக அரைத்தது. கரகரப்பான மாவு தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். கரைத்த கையோடு ஊற்றினால், ஒவ்வொரு குருணையும் உள்ளே காய்ந்தபடியே தவாவுக்குப் போய்விடும். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் நைஸ் மாவுதான் கிடைக்கிறது, அதனால் இந்தச் சிக்கல் உங்களுக்கு வராது. ஆனால் பஜ்ஜி மாவு என்று பாக்கெட்டில் விற்பதை வாங்கி வந்துவிடாதீர்கள். அதில் அரிசி மாவு, உப்பு, காரம் எல்லாம் கலந்திருக்கும்.

சமையலறையில் இருந்த 200 மில்லி டம்ளரால் தலை தட்டி ஒரு டம்ளர் நைஸ் மாவு எடுக்கச் சொன்னார்கள். மகளின் தராசில் பிறகு போட்டுப் பார்த்தேன், ஏறத்தாழ 100 கிராம். அதில் கால் டீஸ்பூன் மஞ்சள் தூள், உப்பு, உள்ளங்கையில் வைத்துக் கசக்கிய கால் டீஸ்பூன் ஓமம். ஓமத்தை விடக்கூடாது என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தண்ணீரை நான் மொத்தமாக ஊற்றப் போனேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். முதலில் கால் டம்ளர் தண்ணீர் மட்டும். அது மாவைக் கெட்டியான குழம்பாகத்தான் ஆக்கும். அதைக் கரண்டியால் ஒரே பக்கமாக இரண்டு மூன்று நிமிடம் அடிக்கச் சொன்னார்கள். கட்டிகள் கெட்டி மாவில் ஒன்றோடொன்று உரசி உடைந்துவிடுகின்றன. தண்ணீர் அதிகமான பிறகு கரைக்கப் பார்த்தால் கட்டிகள் நழுவி மிதக்கும், கரண்டிக்கு அகப்படாது. கட்டி முழுக்கப் போன பிறகுதான் மீதித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். எல்லாம் சேர்த்து முக்கால் டம்ளருக்கு ஒரு பிடி குறைவு. அதை மூடிப் பதினைந்து நிமிடம் வைத்தோம். லட்டு மாவாக இருந்தால் அரை மணி நேரம் வைக்கவேண்டுமாம்.

பதினைந்து நிமிடம் கழித்துத் திறந்தால் மாவு முன்னைவிட இறுகியிருந்தது. மாவு தண்ணீரைக் குடித்திருக்கிறது. அப்போதுதான் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பதத்தைச் சரிசெய்யவேண்டும். பதம் எது என்று நான் கேட்டதற்கு அவர்கள் கரண்டியை மாவில் முக்கித் தூக்கி, பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு கிழித்தார்கள். கோட்டின் இரண்டு கரையும் கூடாமல் அப்படியே நின்றது. கரண்டியைச் சாய்த்தால் மாவு சொட்டுச் சொட்டாக விழாமல், நாடா மாதிரி இறங்கிப் பாத்திரத்தில் ஒரு கணம் மடிப்பாகத் தெரிந்து மறைந்தது. நம் பேச்சில் சொன்னால், தோசை மாவைவிட ஒரு பங்கு கெட்டி, ஊத்தப்ப மாவுக்குப் பக்கம். நான் முதல் நாள் கரைத்தது இதற்கு எவ்வளவோ நீர்த்தது.

பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை மூன்றையும் கடைசியில், ஊற்றுவதற்கு முன்தான் சேர்க்கவேண்டும். உப்புப் போட்ட மாவில் வெங்காயமும் தக்காளியும் ஊறினால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பார்த்துப் பார்த்துச் சேர்த்த பதம் பத்து நிமிடத்தில் போய்விடும். தக்காளி போட ஆசைப்பட்டால் விதையை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

இனி தவா. இங்கேதான் நான் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. நம் தோசைக்கல் தட்டை. அவர்கள் வீட்டுத் தவா ரொட்டி போடுகிற இரும்புத் தவா, நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். நீர்த்த மாவை அதில் எவ்வளவு அழகாக விசிறித் தேய்த்தாலும், இறுகுவதற்குள் நடுவை நோக்கி வழிந்து சேர்ந்துவிடும். ஓரம் காகிதமாக முறுகும், நடுவில் குட்டை கட்டும். முதல் நாள் மகள் பிய்த்துக் காட்டிய இரண்டு விரல் அகல ஈரம் அதுதான். மாவு கொஞ்சம் கெட்டியாக இருந்தால், தேய்த்த இடத்தில் நிற்கும். பதத்துக்கும் பாத்திரத்துக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் தெரியாமல் 'ஒரு டம்ளருக்கு இவ்வளவு தண்ணீர்' என்று எழுதி வைத்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. உங்கள் வீட்டில் தட்டையான கல்தான் என்றால் நான் சொன்ன அளவோடு ஒன்றிரண்டு ஸ்பூன் தண்ணீர் கூடப் போகலாம்.

தவாவை மிதமான தீயில் மூன்று நிமிடம் காயவைத்துத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தோம். துளி அப்படியே உட்கார்ந்து மெதுவாகக் கொதித்தால் சூடு போதாது. முத்து மாதிரி உருண்டு ஓடினால் சூடு அதிகம். சுரீரென்று ஒரு சத்தம், ஒன்றிரண்டு விநாடியில் துளி காய்ந்துவிடவேண்டும். அதுதான் சூடு. தோசைக்கும் இப்படித் தண்ணீர் தெளிக்கிறோமே என்றால், ஆமாம், ஆனால் தோசைக்கு நாம் அதற்குப் பிறகும் தீயைக் கூட்டியே வைத்திருப்போம். இதற்கு அவர்கள் துளி எண்ணெயை வெங்காயப் பாதியால் தடவி, தீயைக் குறைத்துவிட்டு ஊற்றச் சொன்னார்கள். ஏனென்றால் தவா ரொம்பச் சுட்டால் மாவு தொட்ட இடத்திலேயே இறுகிக் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு சுருண்டு வரும். தேய்க்கும்போது மாவு கரண்டியோடு வந்தால், அது மாவின் குற்றம் என்று தண்ணீர் சேர்க்காதீர்கள். நான் முதல் நாள் அப்படித்தான் சேர்த்தேன். அது சூட்டின் குற்றம்.

ஒரு கரண்டி மாவை நடுவில் விட்டு, நடுவிலிருந்து வெளியே, அழுத்தாமல் தேய்த்தேன். "பத்லா நஹீ" என்றார்கள், மெல்லிசாக வேண்டாம் என்று. ஒரு சாண் அகலம், இரண்டு ரூபாய் நாணயத்தை அடுக்கிவைத்த கனத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குமேல் மொத்தமானால் உள்ளே வேகாது, அதைவிட மெல்லிசானால் வெங்காயம் இருக்கிற இடத்தில் கிழியும். ஒரு டம்ளர் மாவுக்கு இப்படி நான்கு சீலா வந்தது. தேய்த்து முடித்ததும் தீயை மிதத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டேன்.

பத்து விநாடி போயிருக்கும். பழக்க தோஷம், தோசைத்திருப்பியால் ஓரத்தைத் தூக்கி அடியைப் பார்க்கப் போனேன். "அபீ நஹீ" என்று இடது கையால் என் கையைத் தட்டினார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடி போனேன். மறுபடி "அபீ நஹீ." பிறகு விரலை நீட்டி அடியைக் காட்டி வேண்டாம் என்று தலையாட்டினார்கள். மேல்பக்கத்தைக் காட்டி, தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்கள். அடியைப் பார்க்காதே, மேலே பார்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு சீலா வேகிற நேரம் பிடித்தது. தோசை மாவு புளித்த மாவு. உள்ளே காற்று இருக்கிறது, ஊற்றியதும் கண் கண்ணாகத் திறக்கிறது, அந்தக் கண்கள் வழியாக ஆவி மேலே வருகிறது. அதனால் பெரிய தீயிலும் மேல்பக்கம் சட்டென்று வெந்துவிடும், ஒரு பக்கம் மட்டும் சுட்டே எடுத்துவிடுகிறோம். அடி சிவந்தால் தோசை தயார் என்பது சரிதான். கடலை மாவில் புளிப்பும் கிடையாது, கண்ணும் கிடையாது. மூடிப்போட்ட மாதிரி அடைத்துக்கொண்டு கிடக்கும். சூடு அடியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறித்தான் மேலே வரவேண்டும். ஆனால் அடி மட்டும் சீக்கிரம் சிவந்துவிடும். அதனால் கடலை மாவில் அடி நிறம் பொய் சொல்லும். நான் அந்தப் பொய்யை நம்பித்தான் திருப்பினேன்.

மேலே என்ன பார்ப்பது? ஊற்றியவுடன் மாவு ஈரப் பளபளப்போடு வெளிர் மஞ்சளாக இருக்கும். ஓரத்திலிருந்து அந்தப் பளபளப்பு மங்க ஆரம்பிக்கும். நிறம் ஒரு படி அடர்ந்து வெந்த பருப்பு மாதிரி ஆகும். அந்த மங்கல் வளையம் நடுவை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியாக நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம் நிற்கும். அதுவும் மறையும்வரை பொறுக்கவேண்டும். அப்போது விரல் நுனியால் நடுவைத் தொட்டால் மாவு ஒட்டாது. ஓரம் தானாகவே தவாவை விட்டுச் சற்று எழுந்திருக்கும். அந்த நேரத்தில் வாசனையும் மாறும். முதலில் ஊறவைத்த பச்சைக் கடலை வாசம் வரும். வெந்ததும் பஜ்ஜிக் கடையைத் தாண்டிப் போகும்போது வருமே, அந்த வாசம். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன், மிதமான தீயில் இரண்டரை நிமிடம். ஆனால் நிமிடத்தை நம்பாதீர்கள், உங்கள் அடுப்பும் தவாவும் வேறு.

நடுவின் ஈரம் மறைந்ததும் அவர்கள், "அப் பலட் தீஜியே" என்றார்கள். இப்போது திருப்புங்கள். தோசைத்திருப்பிக்கு அவர்கள் ஊர்ப் பெயர் 'பல்ட்டா'. திருப்புவதற்கு உள்ள வார்த்தையே கருவிக்கும். விளிம்பில் திருப்பியைக் கொடுத்ததும் சீலா வழுக்கிக்கொண்டு வந்தது. முதல் நாள் நான் சுரண்டி எடுத்தேன் என்று இப்போதுதான் ஞாபகம் வந்தது. அடிப்பக்கம் முழுக்க இறுகினால் அதுவே தவாவை விட்டுவிடும். விடவில்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். சுரண்டினால் கிழிந்துபோகும், தீயைக் கூட்டினாலும் விடாது. காத்திருக்கவேண்டியதுதான்.

திருப்பியதும் அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு, திருப்பியின் தட்டைப் பக்கத்தால் நடுவிலும் ஓரத்திலும் மெல்ல அழுத்தவேண்டும். குழிந்த தவாவில் திருப்பிப்போட்ட சீலாவின் நடுப்பகுதி அடியைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அழுத்தினால்தான் சூடு படும். அழுத்தும்போது உஸ் என்று ஆவி வருவது நின்று, அங்கங்கே செம்புள்ளி விழுந்தால் போதும். இன்னொரு ஒன்றரை நிமிடம்.

அவர்கள் அந்த முதல் சீலாவை எடுத்து, சாப்பிடுவதற்கு முன்னால் நடுவில் பிய்த்து என்னிடம் நீட்டினார்கள். நான் உள்பக்கத்தைப் பார்த்தேன். ஈரக் கோடு இல்லை. வாயில் போட்டால் நாக்கின் பின்பக்கத்தில் வரும் அந்தக் கசப்புக் கலந்த பச்சை வாசம் இல்லை. "கச்சா?" என்று கேட்டேன், பச்சையா என்று. எனக்குப் பேச வந்த முதல் ஹிந்திக் கேள்வி அதுதான். "நஹீ நஹீ, பக்கா" என்று சிரித்தார்கள். கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் அரைத்த சட்னியோடு இரண்டு முழு சீலா சாப்பிட்டு, தானே கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

மூன்றாவது சீலா மட்டும் அன்றைக்குக் கருகியது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றாக ஊற்ற ஊற்ற இரும்புத் தவா சூட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டே போகிறது. முதல் சீலாவுக்குச் சரியாக இருந்த அதே தீ மூன்றாவதற்கு அதிகம். அதனால் ஒவ்வொரு சீலாவுக்கும் நடுவில் தீயைக் குறைத்து, ஈரத் துணியைத் திருப்பியால் பிடித்துத் தவாவை ஒரு துடை துடைத்துவிட்டு ஊற்றவேண்டும். நான்ஸ்டிக் தவா என்றால் வெறுமனே ரொம்ப நேரம் காயவிடாதீர்கள், ஈரத் துணி வைத்தியமும் அதற்கு வேண்டாம். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டாலே போதும்.

அடுத்த வாரம் பாசிப்பருப்பு சீலாவுக்குப் போனோம். அங்கே கல்யாண வீடுகளில் பெரிய தவா போட்டு, இதற்குள் பன்னீர் துருவி வைத்து மடித்துக் கொடுப்பார்கள். ஆந்திரப் பெசரட்டுக்கு இது தூரத்துச் சொந்தம். பெசரட்டில் தோலோடு பச்சைப்பயறு போடுவார்கள், இது தோல் நீக்கிய மஞ்சள் பருப்பு. ஒரு டம்ளர் பருப்பைக் கழுவி மூன்று மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, இஞ்சி ஒரு துண்டு, பச்சை மிளகாய் இரண்டு, பெருங்காயம், உப்புச் சேர்த்து அரைத்தோம். தண்ணீர் கால் டம்ளரில் ஆரம்பித்து, மிக்ஸி சுற்றுகிற அளவுக்கு மட்டும். வெண்ணெய் மாதிரி அரைக்காமல், விரலில் தேய்த்தால் மெல்லிய நறநறப்பு இருக்கும்போதே நிறுத்தச் சொன்னார்கள். ரொம்ப நைசாகி, தண்ணீரும் கூடினால் பசை மாதிரி ஆகி இரும்புத் தவாவைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஸ்பூன் அரிசி மாவு சேர்த்தால் அந்தப் பிடி கொஞ்சம் தளரும், மொறுமொறுப்பும் வரும்.

கடலை மாவு போல இதை ஊறவைக்க வேண்டாம். பருப்பு குடிக்கவேண்டிய தண்ணீரை ஏற்கெனவே குடித்துவிட்டது. பச்சை வாசனைக்கும் அவ்வளவு பயப்படவேண்டாம். ஆனால் இது அடியில் மெதுவாகத்தான் இறுகும், அவசரப்பட்டுத் திருப்பினால் பாதி தவாவிலேயே நிற்கும். மேலே பளபளப்புப் போவதைப் பார்க்கிற கணக்கு இதற்கும் அதேதான். அதற்குப் பிறகு இன்னும் ஒரு பதினைந்து, இருபது விநாடி விட்டுத் திருப்பினேன். எனக்கு இரண்டில் கடலை மாவு சீலாதான் பிடித்தது. சம்பந்தியம்மாவுக்கு ஏனோ பாசிப்பருப்பு மேல் அவ்வளவு மதிப்பு இல்லை, அது காய்ச்சல்காரர்களுக்கு என்று கையை ஆட்டிவிட்டார்கள்.

போன் செய்த பிள்ளைக்கு இப்போது பதில். உன் மாவில் தப்பு இருக்காதுடா கண்ணு. உன் கல் தட்டை, அதனால் குட்டை கட்டியிருக்காது. அடி கருகி உள்ளே பச்சை என்றால் தீதான். நீ தோசைக்கு வைக்கிற தீயில் பாதி வை. ஒரு சாண் அகலத்துக்குமேல் தேய்க்காதே. ஓரத்தைத் தூக்கிப் பார்க்காமல் நடுவைப் பார்த்துக்கொண்டிரு. முதல் சீலாவை வீட்டுக்காரருக்கு வைக்காமல் நடுவில் பிய்த்து நீ சாப்பிட்டுப் பார்.

ஆறாவது வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மறுநாள் காலை நான் எழுந்து வருவதற்குள் சம்பந்தியம்மா மாவு கரைத்து மூடி வைத்திருந்தார்கள். என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, தானே ஊற்றினார்கள். மெலிந்துபோன வலது கையால் மெதுவாகத் தேய்த்தார்கள். பளபளப்பு மங்கி நடுவுக்கு வந்தது. நடு ஈரமும் மறைந்தது. பல்ட்டாவை விளிம்பில் கொடுத்துத் தூக்கப் பார்த்தார்கள், மணிக்கட்டு திரும்பவில்லை. இன்னொரு தடவை பார்த்தார்கள். பிறகு ஒன்றும் சொல்லாமல் பல்ட்டாவை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

நான் திருப்பினேன். கிழியவில்லை.